60 சென்ட் கோஸுக்குச் சொட்டுநீர் கட்டுபடியாகுமா?

கேள்வி: ஐயா, மன்னவனூர் பக்கம் எனக்கு 1 ஏக்கர் 10 சென்ட் படிக்கட்டு நிலம். மழைக்காலத்தில் முழுவதும் வெள்ளாமை. ஜனவரி முதல் மார்ச் வரை 60 சென்டில் மட்டும் கோஸ் போடுகிறேன். ஓடைத் தண்ணீரைக் குட்டையில் சேர்த்து, டீசல் எஞ்சின் வைத்து, நானும் ஒரு கூலி ஆளும் ஹோஸ் பிடித்துப் பாய்ச்சுகிறோம். சொட்டுநீர் போட 62,000 ரூபாய் ஆகும் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். மானியத்தில் போனால் மேட்டுக்கு ஏற்றும் கூடுதல் பைப்புக்கு மட்டும் 11,000 என் கையிலிருந்து போகும் என்கிறார்கள். தண்ணீர் பாதி மிச்சம், ஆள் மிச்சம், விளைச்சல் ஒன்றரை மடங்கு என்று சொல்கிறார்கள். மலையில் இது நிஜமா? போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும்? — மேல்மலை விவசாயி ஒருவர்

பதில்: வணக்கம். போனில் கேட்டபோது நீங்கள் சொன்ன அளவுகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சொன்ன மூன்று லாபமும் உண்மையில் இருக்கின்றன. ஆனால் அந்த அளவுகள் சமவெளியில் வாய்க்கால் பாசனத்தோடு ஒப்பிட்டுச் சொல்பவை. வாய்க்காலில் விடுகிற தண்ணீரில் பெரும்பங்கு வழியிலேயே மண்ணுக்குள் போய்விடும். ஹோஸ் பிடித்துப் பாய்ச்சுகிற உங்களுக்கு அவ்வளவு வீணாவதில்லை. அதோடு, உங்கள் நிலத்துக்குப் பாசனம் தேவைப்படுவது வருஷத்தில் ஒரே ஒரு பயிருக்கு. ஆகவே மிச்சமாகிற எதையும் அந்த மூன்று மாதத்துக்கு மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கலாம். 200 லிட்டர் டிரம் 80 விநாடியில் நிறைகிறது என்றீர்கள். அப்படியானால் உங்கள் எஞ்சின் மணிக்கு 9,000 லிட்டர் தருகிறது. ஒரு பாய்ச்சலுக்குக் காலை 7 மணி முதல் மதியம் 1 மணி வரை ஆறு மணி நேரம் ஓட்டுகிறீர்கள், 54,000 லிட்டர். 20 அடிக்கு 20 அடி, 5 அடி ஆழமுள்ள உங்கள் குட்டை பிடிப்பது 56,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் ஒத்துப்போவதால் உங்கள் அளவுகளை நம்பலாம்.

பயிருக்கு எவ்வளவு வேண்டும்? மேல்மலையின் குளிரில் ஜனவரி முதல் மார்ச் வரை நன்றாக வளர்ந்த கோஸ் ஒரு நாளைக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் தண்ணீர் குடிக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். 60 சென்ட் என்பது 2,428 சதுர மீட்டர். மூன்றரை மில்லிமீட்டர் என்று வைத்தால் நாளுக்கு 8,500 லிட்டர். சொட்டுநீரிலும் ஒரு பத்து சதவீதம் வீணாகும் என்று சேர்த்தால் 9,400. இப்போது நீங்கள் மூன்று நாளுக்கு ஒருமுறை 54,000 பாய்ச்சுகிறீர்கள், அதாவது நாளுக்கு 18,000. ஆக, தண்ணீர் பாதி மிச்சம் என்று சொன்னது உங்கள் நிலத்தில் சரிதான்.

ஆனால் அந்தத் தண்ணீருக்கு நீங்கள் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. இலவச மின் இணைப்பு உள்ள விவசாயியாக இருந்தால் மிச்சமான தண்ணீரால் ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராது. உங்களிடம் டீசல் எஞ்சின் இருப்பதால் கொஞ்சம் வரும். தண்ணீர் பாதியானால் டீசலும் பாதியாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது அப்படி ஆவதில்லை. 60 சென்ட் முழுவதையும் ஒரே நேரத்தில் சொட்டுநீரில் ஓட்ட மணிக்கு 13,500 லிட்டர் வேண்டும். உங்கள் எஞ்சின் தருவது 9,000. அதனால் நிலத்தை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6,750 லிட்டர் வீதம் ஓட்டியாக வேண்டும். 9,400 லிட்டர் கொடுக்க ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவாக எஞ்சின் ஓடும். நடவிலிருந்து அறுவடை வரை 95 நாளுக்கு, வடிகட்டி கழுவுவதையும் சேர்த்து, 140 மணி நேரம் என்று வையுங்கள். இப்போது 30 பாய்ச்சலுக்கு 180 மணி நேரம் ஓடுகிறது. மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிற எஞ்சினில் மிச்சம் 40 லிட்டர்தான். லிட்டர் 93 ரூபாய் என்று போட்டால் 3,700 ரூபாய். தண்ணீர் பாதியாகக் குறைந்தும் டீசலில் குறைவது ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் கூட.

அடுத்தது ஆள் கூலி. உங்கள் கணக்கைத் தூக்கி நிறுத்தப்போவது இதுதான், அதனால் இதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. 30 பாய்ச்சலுக்கு ஓர் ஆள், நாள் கூலி 600 என்றால் 18,000 ரூபாய். ஆனால் அந்த ஆள் மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் களை எடுக்கிறார் என்றும் சொன்னீர்கள். அந்த வேலை சொட்டுநீர் வந்தாலும் இருக்கும். எனவே முக்கால் பங்கு, 13,500 மட்டுமே மிச்சத்தில் சேரும். அப்புறம், சொட்டுநீருக்கு என்றே சில வேலைகள் புதிதாக வரும். கோஸ் நட்டதும் பக்கக் குழாய்களை விரிக்க வேண்டும். அறுவடைக்குப் பின் உருளைக்கிழங்குக்கோ கேரட்டுக்கோ மண்ணைக் கொத்துவதற்கு முன்பு அவற்றைச் சுருட்டி எடுத்து வைக்க வேண்டும். படிக்கட்டு நிலத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஆறு ஆள் பிடிக்கும், 3,600 ரூபாய். நிகரமாக மிஞ்சுவது 9,900.

இதில் உங்களிடம் நேராக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சொட்டுநீர் போட்ட பிறகு அந்த ஆளை 30 நாளும் கூப்பிடாமல் இருப்பீர்களா? ஊரில் ஆள் கிடைப்பதே கஷ்டம், விட்டால் மருந்தடிக்கும் நாளில் வரமாட்டார் என்று நினைத்து, வேறு வேலை கொடுத்து வைத்துக்கொள்வீர்கள் என்றால் கூலி மிச்சம் பூஜ்யம். அப்படி வைத்துக்கொள்வதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன்; மேல்மலையில் ஆள் கிடைக்கிற நிலைமை எனக்கும் தெரியும். ஆனால் கணக்கில் அதை மிச்சம் என்று எழுதக் கூடாது. உங்கள் சொந்த உழைப்புக்கும் நான் விலை போடவில்லை. வாரத்தில் இரண்டு காலைப் பொழுது உங்களுக்குக் கிடைக்கும், அது பெரிய விஷயம்தான். அந்த நேரத்தில் வேறு வருமானம் பார்க்க முடிந்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விளைச்சல். ஒன்றரை மடங்கு என்பதை மறந்துவிடுங்கள். ஆனால் உங்கள் நிலத்தில் விளைச்சல் கூடுவதற்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. மார்ச்சில் ஓடை வற்றி, குட்டை நிறைய நான்கு நாள் ஆகிறது என்றீர்கள். மூன்றாம் நாள் மதியமே இலை தொங்குகிறது, அறுவடையில் சின்னத் தலைகள் அதிகம் என்றும் சொன்னீர்கள். நான்கு நாளில் 54,000 என்றால் நாளுக்கு 13,500 லிட்டர் வருகிறது. பயிருக்கு வேண்டியது 8,500. ஆக, மார்ச்சிலும் உங்களுக்குத் தண்ணீர் பற்றாக்குறை இல்லை. நான்கு நாளுக்கான தண்ணீரை ஒரே காலையில் கொட்டுவதுதான் சிக்கல். ஒரே பாய்ச்சலில் 22 மில்லிமீட்டர் விழுகிறது. அதில் ஒரு பகுதி வேருக்குக் கீழே இறங்கி அடுத்த படிக்குப் போய்விடுகிறது. மேல்படிகளில் மண் சீக்கிரம் காய்கிறது. கோஸ் தலை கட்டுகிற சமயத்தில் இப்படிக் காய்வதும் நனைவதுமாக இருந்தால் தலை சிறுக்கும், சில வெடிக்கவும் செய்யும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் இது சரியாகும். மேல் இரண்டு படியில் எடுக்கிற கோஸின் எடையையும், கசிவு ஈரம் கிடைக்கிற கீழ்ப்படிகளின் எடையையும் இந்த அறுவடையில் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். கீழ்ப்படியில் சென்டுக்கு எவ்வளவு கூடுதலோ, ஏறக்குறைய அதுதான் சொட்டுநீரால் மேல்படிகளில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய உச்சம். வேறு யாருடைய சதவீதத்தையும்விட அந்த எண் உங்களுக்கு நம்பகமானது.

அது கையில் கிடைக்கும் வரை 15 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். 60 சென்டில் 9 டன் எடுக்கிறீர்கள். 15 சதவீதம் என்றால் 1,350 கிலோ. விலையை நல்ல வருஷத்துக்குப் போடாதீர்கள். ஒட்டன்சத்திரத்தில் உங்களுக்குக் கிடைத்ததிலேயே குறைந்த விலை 8 ரூபாய் என்றீர்கள். வெட்டுக்கூலி, சாக்கு, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் கிலோவுக்கு 3 ரூபாய். எனவே கூடுதல் கிலோ ஒன்றுக்கு 5 ரூபாய், மொத்தம் 6,750.

மூன்றையும் கூட்டினால் 20,350. இதிலிருந்து வருஷச் செலவைக் கழிக்க வேண்டும். எலி கடிக்கும்; இரவில் காட்டுப்பன்றி கிளறும்; காட்டுமாடு மிதித்துவிட்டுப் போகும். ஓட்டை அடைக்க, இணைப்புகள் மாற்ற, சேதமான குழாயைப் புதிதாகப் போட 4,000 என்று ஒதுக்குங்கள். நிகரம் 16,350. சொந்தப் பணம் 62,000 போட்டால் திரும்ப கிட்டத்தட்ட நான்கு வருஷம் ஆகும்.

இந்த நான்கு வருஷம் எதன் மேல் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். விளைச்சல் துளியும் கூடவில்லை என்றால் வருஷத்துக்கு 9,600தான் மிஞ்சும். பணம் திரும்ப ஆறரை வருஷம். பக்கக் குழாய்கள் தாங்குவதே கிட்டத்தட்ட அவ்வளவு காலம்தான், ஆகவே அது லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. விளைச்சல் கூடி, ஆளை மட்டும் நிறுத்தவில்லை என்றால் மிஞ்சுவது 2,850 ரூபாய். அப்போது போட்ட பணம் உங்கள் காலத்தில் திரும்பாது. தண்ணீருக்காகத்தான் சொட்டுநீர் என்று எல்லோரும் பேசுகிறார்கள். உங்கள் நிலத்தில் அதைக் கட்டுபடியாக்குவது கூலி, அதற்கு அடுத்தது மார்ச் மாத விளைச்சல்.

மிச்சத் தண்ணீரை வைத்து, தரிசாகக் கிடக்கும் 50 சென்டையும் நடலாமே என்று நீங்கள் போனில் கேட்டது நல்ல கேள்வி. தண்ணீர் மிச்சம் பணமாக மாறுவதற்குப் பெரிய வழியே அதுதான். ஆனால் முழு நிலத்துக்கும் நாளுக்கு 17,000 லிட்டருக்கு மேல் வேண்டும். மார்ச்சில் ஓடை தருவது 13,500. அது 86 சென்டுக்குத்தான் காணும். குட்டையின் கசிவையும் யோசித்தால் 20 சென்டுக்கு மேல் கூட்ட வேண்டாம். அந்த 20 சென்டில் இப்போதைய வீதப்படி 3 டன் வரும். 60 சென்டுக்கு நாற்று, உரம், மருந்து, கூலி என்று 32,000 செலவழிக்கிறீர்கள். 20 சென்டுக்கு 10,600 ஆகும். கோஸ் 8 ரூபாய்க்குப் போனால் மிஞ்சுவது 4,400. 12 ரூபாய்க்குப் போனால் 16,400. விலை 6 ரூபாய்க்கு இறங்கினால் கையைக் கடிக்கும். அதுவும் போக, மிச்சத் தண்ணீரைக் கூடுதல் நிலத்துக்குத் திருப்பிவிட்டால் மேலே எழுதிய டீசல் மிச்சம் போய்விடும். ஒரே தண்ணீரை இரண்டு இடத்தில் லாபமாக எழுதக் கூடாது. முதல் வருஷம் 60 சென்டோடு நிறுத்தி, மார்ச் கடைசியில் குட்டையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி மானியம். தமிழ்நாட்டில் 5 ஏக்கருக்குள் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்தில் 100 சதவீத மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 சதவீதம். அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்கு மேல் போவதுதான் உங்கள் பங்கு. 11,000 மட்டும் போட்டால், 16,350 மிஞ்சுகிற கணக்கில் முதல் கோஸிலேயே திரும்பிவிடும். எனவே என் பதில்: மானியத்தில் கிடைத்தால் போடுங்கள். சொந்தப் பணத்திலோ வட்டிக்கு வாங்கியோ 62,000 போடுவதானால், ஆளை உண்மையிலேயே நிறுத்த முடியும் என்று உறுதியான பிறகு போடுங்கள். சிட்டா, அடங்கல், நில வரைபடம், தாசில்தாரிடம் வாங்கிய சிறு குறு விவசாயி சான்று, ஆதார் ஆகியவற்றோடு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் பதியலாம். பட்டா கூட்டாக இருந்தால் அதை முதலில் பேசி முடியுங்கள், பாதி விண்ணப்பங்கள் அங்கேதான் நிற்கும். ஒரே நிலத்துக்கு மறுபடி மானியம் வாங்க ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். ஆகவே அந்த 20 சென்டை எப்படியும் சேர்ப்பீர்கள் என்றால் விண்ணப்பத்திலேயே 80 சென்ட் என்று கேட்டுவிடுங்கள்.

கொட்டேஷனில் இரண்டு விஷயத்தை மாற்றச் சொல்லுங்கள். இவை சரியில்லை என்றால் மேலே போட்ட கணக்கு முழுவதும் வீண்.

ஒன்று, அழுத்தம். உங்கள் மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் 14 மீட்டர் உயர வித்தியாசம். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும். மேல்படியில் ஒரு கிலோ இருந்தால் கீழ்ப்படியில் 2.4 கிலோ இருக்கும். சாதாரண சொட்டுவான் போட்டால் கீழ்ப்படிச் செடிக்கு ஒன்றரை மடங்கு தண்ணீர் போகும். எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் நிற்கிற தண்ணீர் கீழேதான் வடியும். அந்தப் படி எப்போதும் சதசதவென்று கிடந்தால் கோஸில் வேர் வீங்கும் கிளப் ரூட் நோய்க்கு இடம் கொடுத்த மாதிரி ஆகும். எனவே அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு விடுகிற சொட்டுவான் கேளுங்கள். விலை கட்டவில்லை என்றால் இரண்டு படிக்கு ஒரு வால்வு வைத்து, திறப்பைக் குறைத்துக் கூட்டிச் சமன் செய்யலாம்.

இரண்டு, வடிகட்டி. கொட்டேஷனில் சல்லடை வடிகட்டி மட்டும் இருக்கிறது. போர்வெல் தண்ணீருக்கு அது போதும், பாசி மிதக்கிற ஓடைக் குட்டைக்குப் போதாது. பாசி சல்லடையில் நசுங்கி உள்ளே நுழைந்து சொட்டுவானை அடைக்கும். மணல் வடிகட்டியோ, குறைந்தது தட்டு வடிகட்டியோ வேண்டும். தட்டு வடிகட்டிக்குச் சில ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி வைக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டினால் கழுவ வேண்டும். எஞ்சினின் உறிஞ்சு குழாய் வாயைத் தரையில் போடாமல், ஒரு காலி கேனில் கட்டி மேல்மட்டத்துக்கு ஓர் அடி கீழே தொங்க விட்டால் சேறும் வராது, மிதக்கிற பாசியும் வராது.

ஹோஸை விற்றுவிடாதீர்கள். ஜனவரியில் உறைபனி விழுந்த காலைகளில், வெயில் ஏறும் முன்பு இலை மேல் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவ அது வேண்டும். சொட்டுநீரால் அதைச் செய்ய முடியாது. கேரட்டுக்கும் இந்தக் குழாய்களை நம்ப வேண்டாம். விதை முளைக்க மேல்மண் முழுவதும் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டுநீர் வரிசையை மட்டும்தான் நனைக்கும். நெருக்கி விதைக்கிற கேரட், பூண்டு இரண்டுக்கும் சின்ன ஸ்பிரிங்ளர்தான் பொருத்தம். அவற்றைக் கோடைப் பயிராகப் போடுகிற எண்ணம் இருந்தால், மானியத்தில் எதைக் கேட்பது என்பதை இப்போதே தீர்மானியுங்கள்.

வேலை முடிந்தது என்று கையெழுத்துக் கேட்கும் நாளில், இரண்டு பகுதியையும் ஓட்டச் சொல்லுங்கள். மேல்படியில் மூன்று சொட்டுவான், கீழ்ப்படியில் மூன்று, குழாய்களின் கடைசி முனையில் மூன்று என்று டம்ளர் வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். மணிக்கு 2 லிட்டர் விடுகிற சொட்டுவான் என்றால் நிமிடத்துக்கு 33 மில்லி விழ வேண்டும். 30க்கும் 36க்கும் இடையில் எல்லாம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். கீழே 45, மேலே 25 என்று வந்தால் வால்வைச் சரிசெய்து, மறுபடி பிடித்துப் பார்த்த பிறகு போடுங்கள்.